நடுமடிப்பில் வளையும் வரிகள்: பழைய இலக்கண நூலைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்குவதில் சிக்கல்

லிந்தாங் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்கள் ஒன்பது பேர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு அஞ்சடியில் கூடித் தமிழ் படிக்கிறார்கள். தோட்டப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத இலக்கண விளக்க நூலொன்றை எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு இரவல் தந்திருக்கிறார். டெம்மி அளவில் 212 பக்கம் உள்ள அந்த நூல் தையல் கட்டு; தாள் பழுப்பேறி ஓரங்கள் பொடிந்து வருவதால், ஃபோட்டோஸ்டாட் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். எனவே கைப்பேசியில் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கி, அதை அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

விரித்த நூலை மேசைமேல் வைத்து, இரண்டு பக்கங்களுக்கு ஒரு படமாக 106 படம் எடுத்துவிட்டேன். கைப்பேசிச் செயலியில் நான்கு மூலைகளையும் பிடித்து நேராக்கியும் பார்த்தேன். வெளி ஓரங்கள் நேராகின்றன. ஆனால் வரிகள் நடுமடிப்பை நெருங்கும்போது தொய்ந்த கயிற்றைப்போல் வளைந்தே நிற்கின்றன. அங்குள்ள எழுத்துகள் ஒடுங்கியும் தெரிகின்றன. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இன்னும் மோசம். எடுத்துக்காட்டாக, 86ஆம் பக்கத்தில் ஒரு வரியின் கடைசிச் சொல் ‘கற்பாறை’. என் படத்தில் அது ‘கறபாறை’ என்று இருக்கிறது. எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கோலகங்சார் குமரன்

வணக்கம் அண்ணே. மூலைகளைத் துல்லியமாகப் பிடிக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். செயலி தானாகப் பிடிக்கும் மூலைகளை நம்பாமல், விரலால் ஒவ்வொன்றையும் நகர்த்திச் சரியான இடத்தில் வையுங்கள், வரிகள் நேராகிவிடும். அதோடு, பக்கத்தின்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டால் வளைவே இருக்காது. நான் என் தம்பியின் கணிதப் பயிற்சி நூலை இப்படித்தான் செய்தேன், நன்றாக வந்தது.

பழைய அச்சுக்கோப்பாளர்

குமரன் தம்பி கண்ணாடியைப் பற்றிச் சொன்னது மெலிதான நூலுக்குச் சரி. மூலைகளைப் பற்றிச் சொன்னதை ஏற்க இயலவில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்குமேல் அச்சுக்கூடத்திலும், பின்னர் பழைய நூல்களை மின்னுருவாக்கும் பணியிலும் இருந்தவன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மணிக்கணக்கில் மூலைகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

நான்கு மூலைகளைப் பிடித்து நேராக்குவது, சாய்வாகப் பார்த்த தட்டையான பரப்பை நேராகப் பார்த்ததுபோல் மாற்றும் கணக்கு. அந்தக் கணக்கில் நேர்கோடு எப்போதும் நேர்கோடாகவே வெளிவரும், வளைகோடு எப்போதும் வளைகோடாகவே வெளிவரும். ஆகவே படத்தில் வளைந்துவிட்ட வரியை, மூலைகளை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும் நேராக்க முடியாது. ஒரு தாளில் அடிக்கோலால் பத்துக் கோடு போட்டு, ஒரு பக்க ஓரத்தைச் சற்று உருட்டி மேலிருந்து படமெடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். தம்பியின் பயிற்சி நூல் மெலிதானது, கண்ணாடி அதைத் தட்டையாக்கிவிட்டது, அதனால் மூலைகள் போதுமானவையாக இருந்தன. 212 பக்கத் தையல் கட்டில் நூலை முழுவதும் விரித்துக் கண்ணாடியை அழுத்தினால், மடிப்புக்கு அருகில் தாள் கண்ணாடியைத் தொடாமல் கீழே இறங்கிக்கொண்டே போகும். இன்னும் அழுத்தினால் தையல் அறுந்துவிடும்.

இதைவிட முக்கியமானது எழுத்து ஒடுங்குவது. மடிப்புக்குப் பக்கத்தில் தாள் சரிவாக இறங்குகிறது. சரிவு 60 பாகையாக இருந்தால், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு எழுத்தின் அகலம் சரிபாதியாகத்தான் தெரியும். வளைவை நீக்கும் மென்பொருள் அந்த எழுத்தை மறுபடியும் இழுத்து அகலமாக்கும், ஆனால் படத்தில் பதியாத நுணுக்கத்தை அதனால் கொண்டுவர முடியாது. உங்கள் ‘ற்’ புள்ளியை இழந்தது அங்கேதான்.

வாசகன் தம்பி, படங்கள் எத்தனை பிக்சல் என்றும், விரித்த நூல் படத்தில் எவ்வளவு அகலத்தை நிரப்புகிறது என்றும் சொல்லுங்கள்.

ஏழாம் கட்டைச் செல்வி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வேலைதான் இருக்கிறது, ஆனால் நூல் அன்று. என் தாத்தா கங்காணியாக இருந்தபோது வைத்திருந்த பழைய செக்ரோல் பதிவேடு. கையெழுத்தில் பெயர்களும், நாள்வாரியாகக் கட்டம் போட்டு வருகைக் குறிகளும் உள்ளன. அதை எக்செல் கோப்பாக மாற்ற எந்தச் செயலி நல்லது என்று இந்த இழையில் சொல்வீர்களா?

பழைய அச்சுக்கோப்பாளர்

செல்வி, அம்மா, கையெழுத்தை அட்டவணையாக்குவது வேறு வேலை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து பார்க்கிறேன். ஆனால் படமெடுக்கும் கட்டத்தில் உங்கள் பதிவேடு இந்த நூலைவிட எளிதானது. அச்சிட்ட கட்டக் கோடுகள் பக்கம் முழுவதும் குறுக்கே ஓடுவதால், எந்தக் கோடு உண்மையில் நேராக இருந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமே இருக்காது. வளைவை நீக்கும்போது மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் அப்படியே பற்றிக்கொள்ளலாம்.

லிந்தாங் வாசகன்

ஐயா, மிக்க நன்றி. படங்கள் 4000 × 3000 பிக்சல். விரித்த நூல் 28 செ.மீ. அகலம், அது படத்தில் ஏறக்குறைய 3400 பிக்சலை நிரப்புகிறது.

பழைய அச்சுக்கோப்பாளர்

28 செ.மீ. என்பது ஏறக்குறைய 11 அங்குலம். 3400ஐ 11ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 309 புள்ளி வருகிறது. பக்கத்தின் தட்டையான பகுதிக்கு அது போதும், அதனால்தான் வெளி ஓரங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் மடிப்பருகே அகலம் பாதியாகும்போது, குறுக்குவாட்டில் உங்களிடம் இருப்பது 155தான். அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தட்டையான இடத்தில் அது 6 பிக்சல், மடிப்பருகே 3 பிக்சல். அதன்மேல் நிழலும் விழுந்தால், கறுப்பு வெள்ளையாக்கும்போது மென்பொருள் அதைத் தூசியாகக் கருதித் துடைத்துவிடும்.

எனவே என் ஆலோசனை, 106 படங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் எடுங்கள் என்பதுதான். இது மனத்துக்குக் கடினம் என்று தெரியும், இருந்தாலும் வளைந்த படத்தைத் திருத்துவதற்குச் செலவாகும் நேரத்தைவிட வளையாத படத்தை எடுப்பதற்குச் செலவாகும் நேரம் குறைவு.

நூலை முழுவதும் விரிக்காதீர்கள். படமெடுக்கும் பக்கம் மேசைமேல் படுத்திருக்கட்டும். மற்றப் பாதி ஏறக்குறைய நிமிர்ந்து, மணல் நிரப்பிய பெரிய மைலோ டின் ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கட்டும். நூல் 100 முதல் 110 பாகைவரை மட்டுமே விரிந்திருந்தால் தையலுக்குச் சுமை இல்லை, படுத்திருக்கும் பக்கம் மடிப்புக்கு மிக அருகில்வரை தட்டையாகவே கிடக்கும். அடியில் கறுப்புத் துணி விரியுங்கள், பக்கத்தின் விளிம்பு தனித்துத் தெரியும். தாள் மெலிதாக இருந்து பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், படமெடுக்கும் தாளுக்கு அடியிலும் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள். வெளிச்சம் பக்கத்தின் வெளியோரத் திசையிலிருந்து வர வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பாதிக்குப் பின்னாலிருந்து வந்தால் அதன் நிழல் நேராக மடிப்பில் விழும்.

கைப்பேசியைக் கையில் பிடிக்க வேண்டாம். இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதன் விளிம்பில் கேமரா வெளியே நீட்டியிருக்குமாறு கைப்பேசியைப் படுக்கவைத்து, பக்கத்திலிருந்து 40 அல்லது 50 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு பாருங்கள். முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் அனைத்தையும் எடுத்து முடியுங்கள். பிறகு நூலைத் திருப்பிவைத்து இரட்டைப்படைப் பக்கங்களை எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்பதால், 21.5 செ.மீ. உயரம் படத்தின் நீளவாட்டில் 3600 பிக்சலை நிரப்பும். அது அங்குலத்துக்கு 425 புள்ளி. மடிப்பருகே சரிவு 30 பாகை இருந்தாலும் ஏறக்குறைய 368 கிடைக்கும்.

தைப்பிங் மழை

ஐயா சொன்ன முறையை மதிக்கிறேன். ஆனாலும் எடுத்துவிட்ட 106 படங்களை வீணாக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. பைத்தானில் `page-dewarp` என்ற கருவி இருக்கிறது. பக்கத்திலுள்ள வரிகளைத் தானே கண்டுபிடித்து, அவை எல்லாம் நேராகும்வரை தாளின் வளைவைக் கணக்கிட்டுத் திருத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் இருக்குமாறு படத்தை வெட்டிவிட்டு இப்படி ஓட்டலாம்:

```
pip install page-dewarp
page-dewarp pakkam_086.jpg
```

லிந்தாங் வாசகன்

மழை, நீங்கள் சொன்னபடி பழைய படங்களில் ஆறு பக்கங்களை ஓட்டிப் பார்த்தேன். உரைநடை நிறைந்த நான்கு பக்கங்களில் வரிகள் வியக்கத்தக்க அளவுக்கு நேராகிவிட்டன. நூற்பாக்களும் எடுத்துக்காட்டுகளும் நிறைந்த இரண்டு பக்கங்கள் அலைபோல் நெளிந்து, முன்பைவிடக் கெட்டுப்போயின. ‘கறபாறை’ எல்லாவற்றிலும் ‘கறபாறை’யாகவே இருக்கிறது.

பழைய அச்சுக்கோப்பாளர்

நூற்பாப் பக்கங்கள் கெட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கருவிக்கு வரிகளே சான்று. மூன்று சீரிலும் நான்கு சீரிலும் முடிந்துவிடும் அடிகள் பக்கத்தின் பாதியைக்கூடத் தொடுவதில்லை. மடிப்பருகே வளைவு எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே எழுத்தே இல்லாதபோது கருவி ஊகிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய பக்கங்களுக்கு மனிதக் கண் வேண்டும்.

ஆறாம் படிவ ஆசிரியை

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். வரி வளைந்திருந்தால் மாணவர்கள் சமாளித்துப் படித்துவிடுவார்கள். புள்ளி விழுந்துவிட்டால் அவர்களால் சமாளிக்க முடியாது. இது புணர்ச்சி விதியைக் கற்பிக்கும் நூல். ‘கல்’லும் ‘பாறை’யும் சேரும்போது லகர மெய் றகர மெய்யாகத் திரிகிறது என்பதே அந்த வரியில் உள்ள பாடம், புள்ளியில்லாமல் அச்சானால் மெய் எது, உயிர்மெய் எது என்ற அடிப்படையே தலைகீழாகிவிடும். எனவே படம் எவ்வளவு வெண்மையாக இருக்கிறது என்பதைப் பார்க்காமல், ஒவ்வொரு பக்கத்திலும் மடிப்பருகே உள்ள மெய்யெழுத்துகளை மூல நூலோடு ஒப்பிட்டு ஒருவர் கையொப்பமிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேறொன்றும் கேட்க வேண்டும். முழு நூலையும் ஒன்பது படி எடுப்பதற்கு உரிமை இருக்கிறதா?

லிந்தாங் வாசகன்

ஒப்பிடும் வேலையை மாணவர்களிடமே பிரித்துக் கொடுக்கிறேன், ஆசிரியை. ஆளுக்கு 24 பக்கம் வந்தால் அவர்களும் ஒருமுறை ஊன்றிப் படித்ததாகும். உரிமையைப் பற்றி எனக்குத் தெளிவில்லை. நூலாசிரியர் காலமாகிவிட்டார் என்று இரவல் தந்த ஆசிரியர் சொல்கிறார், எந்த ஆண்டு என்பது அவருக்கும் நினைவில்லை.

தைப்பிங் மழை

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலாசிரியர் மறைந்து 50 ஆண்டுவரை உரிமை நீடிக்கிறது. தனிப்பட்ட கல்விக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அதே சட்டம் அனுமதிக்கிறது. முழு நூலும் ‘நியாயமான அளவு’க்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி.

ஆறாம் படிவ ஆசிரியை

அடங்காது என்பது என் கருத்து. பாடத்திட்டத்துக்குத் தேவையான இயல்களை மட்டும் எடுப்பது நல்லது. முழு நூலும் வேண்டுமென்றால் நூலாசிரியரின் குடும்பத்தாரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

லிந்தாங் வாசகன்

விசாரிக்கிறேன், ஆசிரியை. அதுவரை புணர்ச்சி இயலை மட்டும், அதாவது 71 முதல் 134 வரையுள்ள 64 பக்கங்களை மட்டும், எடுத்துக்கொள்கிறோம். நேற்று மாலை வெளிச்சம் நன்றாக இருந்தபோது இரண்டு மாணவர்களின் துணையோடு, மைலோ டின் முறையில் எல்லாவற்றையும் மறுபடியும் எடுத்துவிட்டேன். முதல் பத்துப் பக்கங்களுக்குத்தான் நேரம் பிடித்தது. பிறகு கை பழகிவிட்டது.

ஒரு மாணவி எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதால் அவை சுருங்கி வந்தன. ஆவணமாக அனுப்பச் சொன்ன பிறகு முழு அளவில் கிடைத்தன. மற்றவர்களுக்கும் உதவும் என்று இதையும் சொல்கிறேன்.

86ஆம் பக்கத்தில் புள்ளி இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் கடைசி இரண்டு செ.மீ. அளவுக்கு மெல்லிய வளைவு இருக்கிறது. நூல் படங்களைச் சீராக்கும் ScanTailor Advanced மென்பொருளை நிறுவினேன். படங்களைத் திறந்ததும் டிபிஐ தவறு என்று சொல்லி மேலே போக மறுக்கிறது.

பழைய அச்சுக்கோப்பாளர்

டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு; கைப்பேசிப் படத்தில் அப்படிப் பதிந்திருப்பது பெயரளவுக்கு எழுதப்பட்ட எண். பக்கம் எவ்வளவு பெரியது என்பது கைப்பேசிக்குத் தெரியாது. Fix DPI சாளரத்தில் எல்லாப் படங்களுக்கும் 425 என்று கொடுங்கள், நாம் போட்ட கணக்கு அதற்குத்தான்.

வளைவை நீக்குவது கடைசிக் கட்டமான Output பகுதியில் இருக்கிறது. அங்கே Dewarping என்பதை முதலில் Auto என்று வைத்துப் பாருங்கள்; திருப்தியில்லாத பக்கங்களை மட்டும் Manual ஆக்குங்கள். பக்கத்தின்மேல் ஒரு வலை தோன்றும். வலையின் மேல்கோட்டைப் பக்கத்தின் முதல் வரியின்மேலும், கீழ்க்கோட்டைக் கடைசி வரியின்மேலும் படியுமாறு இழுக்க வேண்டும். கோட்டில் சொடுக்கினால் புதிய பிடிப்புள்ளி உண்டாகும், வேண்டாத புள்ளியின்மேல் சுட்டியை வைத்து D அழுத்தினால் அது நீங்கும். தட்டையான பகுதியில் ஒரு புள்ளியே போதும், மடிப்பருகே இரண்டு மூன்று வையுங்கள். அளவுக்கு மீறிப் புள்ளி வைத்தால் வரி நெளியும்.

முதல் வரி பாதியில் முடியும் நூற்பாவாக இருந்தால் அதைப் பற்றாமல், தாளின் மேல்விளிம்பைப் பற்றுங்கள். கறுப்புத் துணி விரிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

லிந்தாங் வாசகன்

செய்து பார்த்தேன், ஐயா. 86ஆம் பக்கத்தில் வரிகள் அடிக்கோல் வைத்ததுபோல் நேராகிவிட்டன. ஆனால் கடைசிச் சொல்லில் ‘றை’ மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் குறுகலாக இருக்கிறது.

பழைய அச்சுக்கோப்பாளர்

வரி நேராகிவிட்டது, ஆழம் சரியாகவில்லை. வலைக்குப் பக்கத்தில் Depth Perception என்று ஒரு நகர்த்தி இருக்கும். தாள் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று மென்பொருளுக்குச் சொல்வது அதுதான். அதைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அதே பக்கத்தில் தட்டையான இடத்திலுள்ள இன்னொரு ‘றை’யையும் இதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அகலத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். வரியின் நேரை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

கறுப்பு வெள்ளையாக்கும்போது Despeckle முழுவதையும் அணைத்துவிடுங்கள். ஆங்கில நூலில் தூசியைத் துடைக்கும் அந்த வசதி, தமிழ் நூலில் புள்ளியைத் துடைக்கும். பழுப்புத் தாளில் மடிப்பருகே மட்டும் இருட்டாக இருந்தால் Sauvola முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஒவ்வொரு பகுதியின் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தனித்தனியாகக் கறுப்பைத் தீர்மானிக்கிறது. அப்போதும் புள்ளி மங்கினால் அந்தப் பக்கத்தைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை.

கோலகங்சார் குமரன்

ஐயா, மூலைகளைப் பற்றி நீங்கள் சொன்ன உருட்டிய தாள் சோதனையைச் செய்து பார்த்தேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒற்றைப்படையையும் இரட்டைப்படையையும் தனித்தனியாக எடுத்தால், பிறகு வரிசைப்படுத்துவது எப்படி?

தைப்பிங் மழை

அதற்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டு கோப்புறைகளிலும் உள்ள டிஃப் படங்களைத் தனித்தனிப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் போதும். `img2pdf` படத்தை இழப்பின்றிப் பொதிவதால் தரம் குறையாது.

```
img2pdf otrai/*.tif -o otrai.pdf
img2pdf irattai/*.tif -o irattai.pdf
pdftk A=otrai.pdf B=irattai.pdf shuffle A B output iyal.pdf
```

கோப்புப் பெயர்களில் எண்கள் 071, 073 என்று மூன்று இலக்கத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் 101ஆம் பக்கம் 71க்கு முன்னால் போய்விடும். எங்காவது ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் அங்கிருந்து முழு வரிசையும் மாறிவிடும் என்பதால், கோக்கும் முன் இரண்டிலும் 32 படம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

லிந்தாங் வாசகன்

எண்ணிப் பார்த்தது நல்லதாயிற்று. இரட்டைப்படையில் 31தான் இருந்தது. 112ஆம் பக்கம் விடுபட்டிருந்ததைக் கண்டு, இன்று காலை அதை எடுத்துச் சேர்த்தோம். மாணவர்கள் ஒப்பிட்டு முடித்ததில் 64 பக்கங்களில் 59 சரியாக இருக்கின்றன. நான்கு பக்கங்களில் புள்ளி மங்கியதால் சாம்பல் நிறத்திலேயே விட்டோம். ‘கற்பாறை’ ‘கற்பாறை’யாகவே வந்துவிட்டது.

மிஞ்சியது 133ஆம் பக்கம். அங்கே ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கிறது. யாரோ முன்பு பிய்ந்த தாளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் போலும். எந்த அமைப்பை மாற்றினாலும் அந்தப் பாதி வரவில்லை.

பழைய அச்சுக்கோப்பாளர்

வராது, தம்பி. பசைக்குள் போன எழுத்து படத்திலேயே இல்லை. வளைவை நீக்கும் மென்பொருளுக்கு அதில் வேலையும் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்கு நூலை 90 பாகைக்குமேல் விரிக்காமல், கேமராவைச் சற்றுச் சாய்த்து மடிப்புக்குள் நேராகப் பார்க்குமாறு இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். முதலெழுத்துகள் அதில் கிடைத்தால் பக்கத்தின் ஓரத்தில் கையால் எழுதிச் சேர்த்துவிடலாம். பசையை நீராவி காட்டிப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தாள் தாங்காது.

லிந்தாங் வாசகன்

அப்படியே செய்கிறேன், ஐயா. நூலைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலை வெயில் வந்ததும் 133ஐ எடுத்துவிட்டு இங்கே பதிவிடுகிறேன்.